மாதவிடாய்க் கப் வைத்தால் எரிகிறது, கழற்றின பிறகும் வெள்ளைப்படுகிறது: போடும் முறையில் தப்பா, கிருமியா?

நூல்கண்டு (கொழிஞ்சாம்பாறை), ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். இதை வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன்.

எனக்கு 29 வயது. துணிக்கடையில் வேலை, காலை 9 மணியிலிருந்து இரவு 8 வரை நின்றபடிதான். பேட் வைத்தால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகிவிடும். அதனால் நான்கு மாதத்துக்கு முன்பு கப்புக்கு மாறினேன். முதல் இரண்டு பீரியட்ஸில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் கடையில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். மூன்றாவது மாதம் இரண்டாம் நாளிலேயே வாசலில் எரிச்சல். நான்காவது மாதம் இன்னும் அதிகம். இப்போது பீரியட்ஸ் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. எரிச்சல் பாதி குறைந்தது. ஆனால் வெள்ளைப்படுகிறது, வெளியே அரிக்கிறது.

எங்கள் ஊர் கேரளத்தில், இங்கே ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் மலையாளத்தில் "சொறிச்சில் உண்டோ?" என்று கேட்டார். சொறி சிரங்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, தோலில் ஒன்றுமில்லையே, "இல்லை" என்று தலையாட்டிவிட்டேன். அரிப்புக்குத்தான் அங்கே சொறிச்சில் என்பார்கள் என்று வெளியே வந்த பிறகு மருந்துக்கடைக்காரர் சொன்னார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் இப்படி. அவர் பார்க்கவெல்லாம் இல்லை, கப்பை நிறுத்து என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஃப்ளூகோனசோல் 150. விழுங்கி நான்கு நாள் ஆச்சு, எந்த மாற்றமும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் கப்பைத் தப்பாகப் போடுகிறேனா, இல்லை உள்ளே கிருமி பிடித்துவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

---

எல்லைக்காப்பி (மீனாட்சிபுரம்)

பயப்படாதீங்க. கப்பினால் இன்ஃபெக்‌ஷன் வராது. 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், சிறுமிகள். கப் போடுவதால் தொற்று கூடவில்லை என்றுதான் அதில் வந்தது. அதனால் உங்களுடையது கிருமி இல்லை, போடுவதில்தான் தப்பு. மடிப்பை மாற்றிப் பாருங்கள், நான் விளிம்பின் ஒரு பக்கத்தை உள்ளே அமுக்கும் பஞ்ச் டவுன் மடிப்புதான் போடுவேன்.

---

தேயிலைக்காரி (மூணாறு பக்கம்)

எனக்கும் இதேதான். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் இடத்தில் பாத்ரூமே இல்லை. காலை 8 மணிக்குப் போட்டால் சாயந்திரம் லைன் வீட்டுக்கு வந்துதான் கழற்றுவேன். மூன்று மாதம் வழிந்து வழிந்து பாவாடையெல்லாம் கறை. அப்புறம் பெரிய சைஸ் வாங்கினேன், சரியாகிவிட்டது. நீங்களும் சைஸ் மாற்றுங்கள்.

---

நூல்கண்டு

அக்கா, எனக்கு வழிவதே இல்லை. எரிச்சலும் வெள்ளைப்படுதலும்தான். ஆனாலும் நன்றி.

---

நகரிக்காரி (நகரி, ஆந்திரா)

நாங்கள் இங்கே வினிகர் ஒரு மூடி தண்ணீரில் கலந்து கழுவுவோம். வெள்ளைப்படுதலுக்கு அதுதான். மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரும் நல்லது. அதோடு உடம்புச் சூடு இருக்கும், இரவில் வெந்தயம் ஊற வைத்துக் காலையில் சாப்பிடுங்கள்.

---

பழைய நர்ஸ் (சித்தூர்)

நான் 31 வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவள், அதில் பாதி பிரசவ வார்டிலும் பெண்கள் ஓபியிலும். பதில் சொல்லும் முன்பு கேள்வி கேட்க வேண்டும். கண்ணு, கூச்சப்படாமல் பதில் எழுது.

பீரியட்ஸ் வருவதற்கு முந்தைய வாரம் அரிப்பு இருந்ததா? எரிச்சலை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் எங்கே காட்டுவாய், வெளியே வாசலிலா, உள்ளே ஆழத்திலா? வெள்ளை என்கிறாயே, அது தயிர் திரிந்த மாதிரியா, கஞ்சித் தண்ணீர் மாதிரியா, மஞ்சள் கலந்து நுரையாக இருக்கிறதா? வாடை உண்டா, எப்போது அதிகம்? கப்பை எதில் கழுவுகிறாய், உன்னை எதில் கழுவுகிறாய்? கப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற காம்பை வெட்டினாயா, அப்படியே வைத்திருக்கிறாயா? காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீர் போகும்போது கடுப்பு இருக்கிறதா? நாள் தள்ளிப் போகுமோ என்ற சந்தேகம் ஏதாவது?

நகரிக்காரி, வினிகரை உள்ளே ஊற்றிக் கழுவுவதை மட்டும் விட்டுவிடு. பின்னால் சொல்கிறேன்.

---

நகரிக்காரி

அக்கா எந்தச் சித்தூர்? எங்கள் சித்தூரா, அந்தப் பக்கத்துச் சித்தூரா?

---

பழைய நர்ஸ்

பாலக்காட்டுச் சித்தூர். உங்கள் சித்தூருக்கு நான் திருப்பதி போகிற வழியில் ஒரு முறை வந்ததோடு சரி.

---

நூல்கண்டு

அக்கா, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முந்தைய வாரம் அரிப்பு இல்லை. பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள்தான் ஆரம்பித்தது. தொட்டுக் காட்டச் சொன்னால் வாசலில், கீழ்ப்பக்கம். பஸ்ஸில் உட்காரும்போது சுருக்கென்று குத்தும். காம்பை வெட்டவே இல்லை, வெட்டினால் கப் கெட்டுப்போகுமோ என்று பயம். நடக்கும்போது அது வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

கழுவுவதற்கு ஒரு லிக்விட் வாங்கினேன், பெண்களுக்கென்றே விற்பது, ரோஜா வாடை. காலையும் ராத்திரியும் அதில்தான் கழுவுகிறேன், சில சமயம் விரலால் உள்ளேயும். கப்பையும் அதிலேயே கழுவிவிட்டு நேராகப் போட்டுக்கொள்வேன். முதல் இரண்டு மாதம் இந்த லிக்விட் இல்லை, மூன்றாவது மாதம்தான் வாங்கினேன் என்று இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வெள்ளை தயிர் மாதிரி இல்லை. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி, கொஞ்சம் சாம்பல் நிறம். மஞ்சள், நுரை கிடையாது. வாடை... இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மீன் கழுவின பாத்திரம் மாதிரி. வீட்டுக்காரரோடு இருந்த பிறகு இன்னும் அதிகமாகத் தெரிகிறது. இவருக்கும் தெரிந்திருக்கும், சொல்லவில்லை.

காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை. சிறுநீர் வெளியே பட்டால் எரிகிறது, மற்றபடி அடிக்கடி போக வேண்டும் என்று தோன்றுவதில்லை. சந்தேகம் எதுவும் கிடையாது.

---

எல்லைக்காப்பி

லிக்விட்டும் காம்பும்தான் காரணம். நான் சொன்னேனே, போடுவதில்தான் தப்பு.

---

பழைய நர்ஸ்

எல்லைக்காப்பி சொல்வதில் பாதி சரி. உள்ளே நடப்பது வேறு, வெளியே நடப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மருந்தும் தப்பாகப் போகும்.

வெளியே இருக்கிற எரிச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். காம்பு வாசலில் முட்டிக்கொண்டு பதினோரு மணி நேரம் நிற்கிறது. நடந்தால் உரசுகிறது, உட்கார்ந்தால் குத்துகிறது. அதே இடத்தில் வாசனை லிக்விட் தினம் இரண்டு முறை படுகிறது. இடம் கீழ்ப்பக்கம் என்று ஒரே புள்ளியாகக் காட்டுகிறாய், கப் போட்ட நாட்களில்தான் ஆரம்பித்தது, கழற்றியதும் பாதி குறைந்துவிட்டது. இது உரசல் காயமும் சோப்பு எரிச்சலும். சிறுநீர் வெளியே படும்போது மட்டும் எரிவதும் இதைத்தான் சொல்கிறது, சிறுநீர்த் தொற்றாக இருந்தால் உள்ளே கடுக்கும், சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகத் தோன்றும்.

நான் ஓபியில் வைத்திருந்த கணக்கு எளிது. கப்பை எடுத்துவிட்டு, சோப்பு லிக்விட் எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் தண்ணீரில் வெளியே மட்டும் கழுவு. உரசலும் சோப்பும் மட்டும் காரணமென்றால் இரண்டு மூன்று நாளில் தெளிவாகக் குறையும். கப் இல்லாமலேயே நாலைந்து நாள் தாண்டியும் அப்படியே நின்றாலோ, கூடிக்கொண்டே போனாலோ அது கப் போடும் முறையால் அல்ல.

உன் வெள்ளை அப்படித்தான் நிற்கிறது. ஐந்து நாளாகக் கப் இல்லை. நீர்த்து, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு வருகிறது. இது பூஞ்சை மாதிரித் தெரியவில்லை. பூஞ்சையென்றால் தயிர் திரிந்த மாதிரிக் கட்டிகட்டியாக இருக்கும், அரிப்பு உயிரை வாங்கும், ஆனால் வாடை பெரிதாக இருக்காது. அதிலும் பலருக்குப் பீரியட்ஸுக்கு முந்தைய வாரம்தான் ஏறும். உனக்கு முந்தைய வாரம் ஒன்றுமில்லை. ஒற்றை ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கான மாத்திரை. நாலு நாள் கழித்தும் அசையவில்லை என்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

எனக்குத் தோன்றுவது பாக்டீரியல் வஜைனோசிஸ், ஆஸ்பத்திரியில் பி.வி. என்பார்கள். வெளியிலிருந்து ஒரு புதுக் கிருமி வந்து பிடித்தது என்பதைவிட, உள்ளே எப்போதும் இருக்கிற நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிவிட்டது என்று வைத்துக்கொள். அந்த நல்ல பாக்டீரியா அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும். ரத்தத்தில் புளிப்பு கிடையாது, அதனால் பீரியட்ஸ் முடிகிற சமயத்தில் இது தலை தூக்குவது வழக்கம். விந்துவும் அப்படித்தான், வீட்டுக்காரரோடு இருந்த பிறகு வாடை கூடுவதற்கு அதுதான் காரணம். உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவது அந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். நகரிக்காரி, வினிகர் புளிப்புதான், ஆனால் உள்ளே ஊற்றிக் கழுவினால் சமநிலையும் சேர்ந்து போய்விடும். வெந்தயம் நல்ல சாப்பாடு, சாப்பிடு, ஆனால் மீன் வாடையை அது ஒன்றும் செய்யாது.

இதையெல்லாம் நான் எழுத்தில் பார்த்துச் சொல்கிறேன், கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அதனால் அரசு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய், "பார்த்து, பரிசோதனை செய்து மருந்து கொடுங்கள்" என்று கேள். ஒரு சிறு காகிதத்தைத் தொட்டு எவ்வளவு புளிப்பு என்று பார்ப்பார்கள், 4.5க்கு மேல் போனால் பி.வி. பக்கம் சாயும். பூஞ்சையில் அது பெரும்பாலும் கூடாது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், பொட்டாஷ் காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் மீன் வாடை பட்டென்று வரும். நுரையோடு மஞ்சள் பச்சையாக வந்திருந்தால் டிரைக்கோமோனாஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்குக் கணவனுக்கும் கட்டாயம் மருந்து வேண்டும். சில இடத்தில் பச்சை நிறக் கிட் கொடுத்து அனுப்புவார்கள், அதில் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் இரண்டும் இருக்கும். எது காரணம் என்று பார்க்க வழியில்லாத இடத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் உரசல் மட்டும் காரணமாக இருந்தால் அந்தக் கிட்டும் வீண்தான்.

போகும்போது மலையாளத்தில் இப்படிச் சொல்: வெள்ளபோக்கு, சொறிச்சில், புகச்சில். புகச்சில் என்றால் எரிச்சல், புகை இல்லை. நாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம்தான், அந்த மட்டும் வசதி.

---

தேயிலைக்காரி

சிஸ்டர், கப்பை எடுக்கும்போது வழுவழுவென்று முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக வருகிறது. எனக்கும் அந்த மாதிரி ஏதாவது இருக்குமோ?

---

பழைய நர்ஸ்

வாடை இல்லாமல், தெளிவாக, நூல் இழுத்த மாதிரி வந்தால் அது கருப்பை வாயிலிருந்து வரும் சளி, அப்படியே விட்டுவிடு. பேட் வைக்கும்போது அது துணியில் ஊறிப் போகும். கப்பில் சேர்ந்து நிற்பதால் இப்போதுதான் கண்ணில் படுகிறது. கடைசி நாள் பழுப்பாக வருவதும் பழைய ரத்தம்தான். கப்பைத் திறந்ததும் ஒரு இரும்பு வாடை, 12 மணி நேரம் தாண்டினால் கொஞ்சம் அழுகல் வாடை, இதெல்லாம் கப்பில் கிடந்த ரத்தத்தினுடையது. கப்பைக் கொட்டிக் கழுவிய பிறகும் உன் மேலேயே வாடை நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

---

எல்லைக்காப்பி

சரி சிஸ்டர், ஒன்று கேட்கிறேன். அந்த ஆய்வில் தொற்று கூடவில்லை என்று வந்திருக்கிறதே. அப்புறம் எப்படி இவருக்கு வரும்?

---

பழைய நர்ஸ்

பேட் போடுகிறவளுக்கும் பி.வி. வரும், துணி வைக்கிறவளுக்கும் வரும், கப் போடுகிறவளுக்கும் வரும். கப் அதைக் கூட்டவில்லை என்றுதான் அந்த ஆய்வு சொன்னது. கப் போட்டவளுக்கு வராது என்று அதில் எங்கேயும் கிடையாது. நாளை எனக்குக் காய்ச்சல் வந்தால் செருப்பு போட்டிருந்தேன், அதனால் இது காய்ச்சலே இல்லை என்று சொல்வாயா?

---

நகரிக்காரி

இத்தனை பேர் கப் பேசுகிறீர்களே, எனக்குக் காப்பர் டி இருக்கிறது. கப் போடலாமா? போன மாதம் கழற்றும்போது அடிவயிற்றில் இழுத்த மாதிரி வலி. ஒரு வேளை அதுவும் கிருமியா?

---

பழைய நர்ஸ்

உன் கேள்வி வேறு இழைக்கு உரியது, ஆனாலும் கேட்டுவிட்டாய். கப்பைக் காம்பைப் பிடித்து இழுத்தால் உள்ளே வெற்றிட இழுப்பு இருக்கும், காப்பர் டி நூலும் சேர்ந்து வரலாம். போட்டவரிடம் போய் நூலைக் கொஞ்சம் குட்டையாக வெட்டச் சொல். கழற்றும்போது கப்பின் அடிப்பாகத்தை இரு விரலால் அமுக்கிக் காற்று போக விட்டு, அப்புறம் எடு. காப்பர் டி இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை நூலைப் பார்க்கச் சொல். வலி தொடர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே.

நூல்கண்டு, உனக்கும் இதையே சொல்கிறேன், உரசலும் பி.வி.யும் எல்லாம் காத்திருக்கலாம், ஆனால் சில விஷயம் காத்திருக்காது. அடிவயிறு வலித்துக் காய்ச்சல் வந்து வெள்ளையும் வந்தால் கருப்பைக் குழாய் வரை தொற்று ஏறியிருக்கலாம். கப் உள்ளே இருக்கும்போதே திடீரென்று 39 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ச்சல், வாந்தி, வெயிலில் சுட்ட மாதிரித் தோல் சிவப்பு, தலை சுற்றி விழுகிற மாதிரி இருந்தால் அந்தக் கணமே கப்பைக் கழற்றிவிட்டுக் காஷுவாலிட்டிக்குப் போ. அங்கே கப் போட்டிருந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல், இல்லையென்றால் அவர்களுக்குத் தோன்றாது. அரிது. மிக மிக அரிது. ஆனால் வந்தால் மணிக்கணக்குதான்.

---

நூல்கண்டு, ஒன்பது நாள் கழித்து

அக்கா, போய் வந்தேன். நீங்கள் எழுதினதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் சிரிக்காமல் வாங்கிப் படித்தார், அப்புறம் பார்த்தார். காகிதத்தில் 5க்கு மேல் வந்தது என்று சொன்னார். மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை தெரியவில்லையாம். பி.வி.தான். மெட்ரோநிடசோல் 400, காலை ஒன்று இரவு ஒன்று, ஏழு நாள். வாயில் எப்போதும் இரும்பை நக்கின மாதிரி. காப்பி குடித்தாலும் அதே ருசிதான்.

வாடை மூன்றாம் நாளே போய்விட்டது. இன்னொன்று, லிக்விட்டை நிறுத்தி நான்கு நாளில் வெளியே எரிச்சலும் சுத்தமாக இல்லை. டாக்டரிடம் போகும் முன்பே அது குறைந்துவிட்டது, ஆனால் வாடை குறையவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி இரண்டும் வேறு வேறுதான் போல.

காம்பை வெட்டினேன். முதலில் பயந்து பயந்து இரண்டு மில்லிமீட்டர், போட்டுப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம். கப்பின் அடியில் ஓட்டை விழுந்துவிடும் என்று ஒரு துணுக்கை விட்டுவைத்தேன். கத்திரிக்கோல் வெட்டின இடம் முனையாகி இன்னும் மோசமாகக் குத்தியது! அப்புறம் நகம் தேய்க்கிற ஃபைலால் உருட்டித் தேய்த்தேன். விரலால் தடவிப் பார்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது உறுத்தாத வரை தேய்த்தேன்.

வீட்டுக்காரருக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார் டாக்டர்.

---

பழைய நர்ஸ்

சரியாகச் செய்திருக்கிறாய், கன்னத்தில் வைத்துப் பார்ப்பதை நானும் குறித்துக்கொண்டேன். கணவருக்கு மருந்து வேண்டாம் என்பதுதான் இத்தனை வருட வழக்கம். ஆனால் 2025இல் ஆஸ்திரேலியாவில் ஆணுக்கும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது திரும்ப வருவது குறைந்தது என்று வெளியானது. இது திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கேள்வியைக் கேள், முதல் முறைக்கு நானும் கேட்க மாட்டேன்.

---

எல்லைக்காப்பி

கப்பை என்ன செய்தீர்கள், தூக்கிப் போட்டீர்களா? நான் இருந்தால் போட்டிருப்பேன்.

---

நூல்கண்டு

போடவில்லை, முந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினது. டாக்டரைக் கேட்டேன், கீறல், ஒட்டும் தன்மை இல்லையென்றால் கொதிக்க வைத்துப் போடுங்கள் என்றார். நான் ஒரு பழைய பால் பாத்திரத்தில் எட்டு நிமிடம் கொதிக்க வைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டுகிற மாதிரி கப்பிலும் ஒட்டிவிட்டது. தேய்த்தால் சொரசொரப்பாக இருக்கிறது. அதுவும் உரசுமா?

---

பழைய நர்ஸ்

உரசும். பாலக்காட்டின் கிழக்குப் பக்கம் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. நகரிக்காரியின் வினிகரை இங்கே எடு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம பங்கு, ஒரு டம்ளரில் கப்பை அரை மணி நேரம் போட்டு, பொடி கரைந்ததும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசு, பிறகு குடிதண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ கொதிக்க வை. விளிம்புக்குக் கீழே இருக்கிற சின்ன ஓட்டைகளைப் பார், அடைத்துக்கொண்டால் கழற்றும்போது இழுக்கும். காய்ந்த பிறகு பருத்திப் பையில் வை, ஈரத்தோடு டப்பாவில் மூடாதே.

---

நகரிக்காரி

பார்த்தீர்களா, வினிகர்தான்!

---

பழைய நர்ஸ்

கப்புக்கு. உனக்கு இல்லை.

---

நூல்கண்டு, மூன்று வாரம் கழித்து

அடுத்த பீரியட்ஸ் முடிந்தது. இந்த முறை கப்பைப் போடும் முன்பு வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் எரிச்சல் வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. கடையில் பத்து மணி நேரம் நின்றும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாளும் இல்லை.

ஆனால் முடிந்த அடுத்த நாள் லேசான வாடை. மீன் மாதிரியா, பழைய ரத்தமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. முன்பு மாதிரி அவ்வளவு இல்லை. இதற்கும் மாத்திரை போட வேண்டுமா?

---

எல்லைக்காப்பி

அதுதான் சொன்னேன், கப்பை மாற்றியிருக்கணும்.

---

பழைய நர்ஸ்

இரண்டு நாள் விட்டுப் பார். பீரியட்ஸ் முடிந்த ஓரிரு நாள் அப்படி இருந்து தானே போவது உண்டு. மூன்றாம் நாளும் நின்று, சாம்பல் தண்ணீராக வந்தால் அதே டாக்டரிடமே போ, நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே. பி.வி. திரும்ப வருவது சகஜம், அதற்குக் கப்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, கப் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீ லிக்விட்டை முழுதாக விட்டாயா?

---

நூல்கண்டு

விட்டுவிட்டேன் அக்கா. பாட்டில் பாத்ரூம் அலமாரியில் இருந்தது, மாமியார் எடுத்துத் தரை கழுவிக்கொண்டிருக்கிறார். தரை பளிச்சென்று இருக்கிறது.

---

தேயிலைக்காரி

சிஸ்டர், அடிப்பாகத்தை அமுக்கி எடுக்கிறதைக் கொஞ்சம் விளக்குங்கள். எனக்கு விரல் எட்டவே இல்லை.

---

பழைய நர்ஸ்

குந்தி உட்கார்ந்து, முக்குவது போலக் கொஞ்சம் கீழே தள்ளு. கப் தானே இரண்டு விரல் தூரத்துக்கு வரும். அப்புறம் அமுக்கு.